அம்மம்மாவின் தொதலை ஆங்கிலத்தில் எழுதியபோது

கனடாவில் பிறந்த மச்சாளின் மகளுக்காக, அம்மம்மாவின் தொதல் செய்முறையை ஆங்கிலத்தில் எழுதினேன். திருகோணமலையில் எங்கள் வீட்டில் எல்லாம் சுண்டுக் கணக்குத்தான். சுண்டை 'கப்' என்று எழுதினால் அளவு குறைந்துவிடும். எங்கள் சுண்டு பழைய ரின்பால் பேணி, அதில் தண்ணீரை விளிம்புவரை நிரப்பித் தராசில் வைத்தால் ஏறக்குறைய 300 கிராம், அதாவது 300 மில்லி. அவர்களுடைய கப்போ 250 மில்லிதான். மாவையும் சர்க்கரையையும் தனித்தனியாக நிறுத்து, கிராமிலேயே எழுதிவிட்டேன், ஏனென்றால் அரித்த அரிசிமா ஒரு சுண்டு இருக்கிற எடையும் தூளாக்கிய சர்க்கரை ஒரு சுண்டு இருக்கிற எடையும் ஒன்றல்ல. அப்புறம் 'சர்க்கரை' என்ற இடத்தில் வெல்லம் என்று விளங்கும்படி எழுத வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை சீனியைப் போட்டுவிடுவாள்.

உண்மையில் கஷ்டம் 'எண்ணெய் கக்கும்வரை கிண்டு' என்ற வரிதான். நிமிடக் கணக்கு எழுதினால் உதவாது, அடுப்பும் தாச்சியும் மாறினால் நேரமும் மாறும். அதனால் கண்ணுக்குத் தெரிவதை எழுதினேன்: கலவை கறுத்து, தாச்சியில் ஒட்டாமல் ஒரே கட்டியாகத் திரண்டு அகப்பையோடு சுற்றும், ஓரத்தில் தேங்காயெண்ணெய் தேங்கும், அதை வழித்தெடுக்க வேண்டும். ரின் தேங்காய்ப்பால் வாங்கினால் தேங்காயும் தண்ணீரும் மட்டும் உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொன்னேன். பால் பிரியாமலிருக்கப் பொருள் சேர்த்த ரின் என்றால் எண்ணெய் லேசில் பிரியாது, பதமும் பிடிபடாது.