வெளிநாட்டு வேலையை முடித்துத் திரும்பியவர் என்ஆர்இ எஃப்டியை உள்நாட்டுக் கணக்காக மாற்றுவது எப்படி?

சவூதியிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டவருக்கான குறிப்பு இது. வங்கியில் வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்பிச் சேர்த்த ஒரு என்ஆர்இ சேமிப்புக் கணக்கும், அதிலிருந்து போட்ட எஃப்டியும் இருக்கும். கூடவே வாடகையோ வேறு உள்ளூர் வருமானமோ வந்து சேரும் ஒரு என்ஆர்ஓ கணக்கும் இருக்கலாம். இவற்றை வங்கியிடம் சொல்லி உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். லீவுக்கு வந்து திரும்பிப் போகிறவருக்கு இது பொருந்தாது. அவர் என்ஆர்ஐயாகவே தொடர்கிறார்.

எந்த நாளிலிருந்து நீங்கள் உள்நாட்டுக்காரர்?

"182 நாள் ஆகட்டும், அதுவரை என்ஆர்ஐதான்" என்று பலரும் சொல்வார்கள். அந்த நாள் கணக்கு வருமான வரிச் சட்டத்தில் வருவது. வங்கிக் கணக்கின் வகையை முடிவு செய்வது ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டம். இங்கேயே தங்கும் எண்ணத்தோடு, அதாவது வேலைக்கோ தொழிலுக்கோ அல்லது எப்போது திரும்பிப் போவோம் என்று சொல்ல முடியாத நிலையிலோ வந்து இறங்கினால், அந்த நாளிலிருந்தே நீங்கள் உள்நாட்டில் வசிப்பவராகிவிடுகிறீர்கள். என்ஆர்இ கணக்கை மாற்ற இத்தனை மாதம் அவகாசம் என்று விதியில் எதுவும் இல்லை. திரும்பியதும் உடனே மாற்ற வேண்டும் என்றுதான் இருக்கிறது.

என்ஆர்இ வட்டிக்குள்ள வரிவிலக்கும் ஃபெமாவைப் பொறுத்ததே. நீங்கள் வங்கியில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், வந்து இறங்கிய நாளோடு அந்த விலக்கு முடிந்துவிடும். அதனால் பாஸ்போர்ட்டில் விமான நிலையத்தில் குத்திய வருகை சீலும், அதில் உள்ள தேதியும் இந்த வேலை முழுவதற்கும் அடிப்படை.

முதலில் போன் நம்பர்

இதை விமானம் ஏறும் முன்பே செய்துவிடுவது நல்லது. கணக்கில் வெளிநாட்டு நம்பர் பதிவாகியிருந்தால் ஓடிபி எல்லாம் அங்கேதான் போகும். கம்பெனி சிம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தால், நெட் பேங்கிங்கில்கூட நுழைய முடியாது. அங்கே இருக்கும்போதே இந்திய நம்பரைப் பதிவு செய்துவிடுங்கள். முடியாவிட்டால், வங்கிக்குப் போகும் முதல் நாளே நம்பர் மாற்றும் படிவத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

பாஸ்போர்ட்டில் எந்தப் பக்கங்கள்?

நான்கு இடங்களை நகல் எடுக்க வேண்டும். படம் உள்ள முதல் பக்கம், முகவரி உள்ள கடைசிப் பக்கம், வேலை விசா ஒட்டியோ குத்தியோ இருக்கும் பக்கம், இந்தியாவுக்குள் நுழைந்த சீல் உள்ள பக்கம். ஒவ்வொரு நகலிலும் கையெழுத்துப் போடுங்கள். அசல் பாஸ்போர்ட்டையும் கையில் கொண்டு போங்கள். ஒரிஜினலைப் பார்த்துச் சரிபார்த்தோம் என்று அலுவலர் நகலில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

வருகை சீல் பல சமயம் மங்கலாக விழும், இல்லையென்றால் இன்னொரு சீலின் மேல் விழுந்து தேதி தெரியாது. நகலைப் பார்த்து உங்களுக்கே தேதி படிக்க முடியவில்லையென்றால் கவுண்டரிலும் படிக்க முடியாது. அப்போது போர்டிங் பாஸையோ டிக்கெட் நகலையோ சேர்த்துக் கொடுங்கள். இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

சீல் நீங்கள் வந்த தேதியைத்தான் காட்டும், வேலை முடிந்ததைக் காட்டாது. சவூதியிலிருந்து வருகிறவருக்கு இது முக்கியம். எக்ஸிட் ரீ-என்ட்ரியில் வந்திருந்தால், திரும்பிப் போகப் போகிறவர் என்றுதான் காகிதம் சொல்லும். ஃபைனல் எக்ஸிட் காகிதம் இருந்தால் கேள்வியே வராது. அமீரகத்தில் 2022 முதல் குடியிருப்பு விசாவை பாஸ்போர்ட்டில் ஒட்டுவதில்லை. எனவே விசா ரத்து செய்த காகிதத்தை அச்செடுத்துக் கொண்டு வாருங்கள். எந்த நாடாக இருந்தாலும் கம்பெனியின் பணி விடுவிப்புக் கடிதம் உதவும்.

இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் பழையதையும் எடுத்துப் போங்கள். கணக்கு தொடங்கியபோது கொடுத்த எண் அதில்தான் இருக்கும். பாஸ்போர்ட் இல்லாமல், தூதரகம் தரும் தற்காலிகப் பயணக் காகிதமான அவுட்பாஸில் வந்தவர்கள் இந்திய விமான நிலையத்தில் அதைக் கொடுத்துவிட வேண்டியிருக்கும் என்பதால், புறப்படும் முன்பே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு பான் கார்டு, ஆதார், புதிய புகைப்படம், பாஸ்புக், எஃப்டி ரசீதுகள் வேண்டும். ஆதார் இல்லாதவர் இந்திய பாஸ்போர்ட்டை வைத்தே விண்ணப்பிக்கலாம். ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை.

கடிதத்தில் "மாற்று" என்று எழுதுங்கள், "முடி" என்று எழுதாதீர்கள்

வங்கியின் படிவம் தனியாக இருக்கும். அதோடு ஒரு கடிதமும் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"நான் வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு, நிரந்தரமாகத் தங்கும் நோக்கத்துடன் 01.10.2025 அன்று இந்தியா திரும்பிவிட்டேன். என் என்ஆர்இ, என்ஆர்ஓ சேமிப்புக் கணக்குகளையும் கீழ்க்கண்ட வைப்புத்தொகைகளையும் உள்நாட்டில் வசிப்பவர் கணக்குகளாக மாற்றித் தரவும். வைப்புத்தொகைகளை முன்கூட்டியே முடிக்க வேண்டாம். ஒப்புக்கொண்ட வட்டி விகிதத்திலேயே முதிர்வு தேதி வரை தொடர வேண்டும். பாஸ்போர்ட் நகல்களை இணைத்துள்ளேன்."

"முடிக்க வேண்டாம்" என்ற வரி ஏன் தேவை? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2025 ஏப்ரல் 1 அன்று 10 லட்சம் ரூபாயை இரண்டு வருட என்ஆர்இ எஃப்டியாக 7 சதவீத வட்டிக்குப் போட்டார். அக்டோபர் 1 அன்று திரும்பி வந்துவிட்டார். கவுண்டரில் இருப்பவர் வேலையைச் சுலபமாக்க, பழைய எஃப்டியை முடித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுத் தருவதாகச் சொல்கிறார். என்ஆர்இ எஃப்டி ஒரு வருடம் முடியும் முன் கலைக்கப்பட்டால் வட்டியே கிடையாது. ஆறு மாதத்துக்குச் சேர்ந்த சுமார் 35,000 ரூபாய் அப்படியே போய்விடும். புதிய எஃப்டிக்கு அன்றைய விகிதம்தான் கிடைக்கும், அது குறைவாகவும் இருக்கலாம்.

அதே எஃப்டியை வகை மட்டும் மாற்றினால், பல வங்கிகளில் பழைய விகிதமே முதிர்வு வரை தொடரும். உங்கள் வங்கியில் எப்படி என்று படிவத்தைக் கொடுக்கும் முன்பே கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டால் நல்லது.

அந்த எஃப்டியின் வரியையும் பார்த்துவிடலாம். கணக்கு எளிதாக இருக்கக் கூட்டு வட்டியைச் சேர்க்கவில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான 35,000 வரிவிலக்கு உள்ளது. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான 35,000 சாதாரண வருமானம். 60 வயதுக்கு உட்பட்டவருக்கு ஒரு வங்கியில் வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வட்டி வந்தால்தான் டிடிஎஸ் பிடிப்பார்கள். எனவே அந்த வருடம் பிடித்தம் இருக்காது, ஆனாலும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். அடுத்த வருடம் 70,000 வட்டி வரும்போது 10 சதவீதம், அதாவது 7,000 ரூபாய் பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டால் அதுவே 20 சதவீதமாகும்.

என்ஆர்ஓ எஃப்டியில் கணக்கு தலைகீழ். என்ஆர்ஐயாகவே பதிவில் இருந்தால் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடிப்பார்கள். ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்தான், ஆனால் அதுவரை பணம் உங்கள் கையில் இருக்காது. என்ஆர்ஓ வைத்திருப்பவர் சீக்கிரம் மாற்ற இதுவே போதுமான காரணம்.

டாலரில் போட்ட எஃப்டி, திரும்பவும் போகும் எண்ணம்

எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டை முதிர்வு வரை ஒப்புக்கொண்ட வட்டியிலேயே வைத்திருக்க விதி இடம் தருகிறது. நீங்கள் திரும்பிவிட்டதை மட்டும் வங்கிக்குச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி வெளிநாடு போகலாம் என்று நினைப்பவர் ஆர்எஃப்சி கணக்கைப் பற்றி விசாரிக்க வேண்டும். திரும்பி வந்தவர்கள் பணத்தை டாலர் போன்ற வெளிநாட்டு நாணயத்திலேயே இந்திய வங்கியில் வைத்திருக்கும் கணக்கு அது. மறுபடி என்ஆர்ஐ ஆனால் அதிலிருந்து நேராக என்ஆர்இ கணக்குக்கு மாற்றலாம். ரூபாய்க் கணக்காக மாற்றிவிட்டால், மீண்டும் வெளிநாடு போகும்போது அது என்ஆர்ஓவாகத்தான் மாறும். இனி போவதாக இல்லை என்று உறுதியாக இருப்பவருக்கு ரூபாய்க் கணக்கே போதும் என்பது என் கருத்து.

எங்கே தடங்கல் வரும்?

கையெழுத்தில்தான் அதிகம். பதினைந்து வருடத்துக்கு முன் கணக்கு தொடங்கியபோது போட்ட கையெழுத்தும் இப்போது போடுவதும் ஒத்துப்போகாது. மாறியிருக்கும் என்று தோன்றினால், கையெழுத்தைப் புதுப்பிக்கும் படிவத்தையும் சேர்த்தே கொடுங்கள்.

அப்புறம், கணக்கு எண்ணும் ஏடிஎம் கார்டும் மாறக்கூடும். வீட்டுக்கடன் தவணை அந்தக் கணக்கிலிருந்து போனால் புதிய எண்ணுக்கு மாற்றுங்கள். கம்பெனியிலிருந்து வரவேண்டிய கடைசி செட்டில்மென்ட் பாக்கி இருந்தாலும், புது எண்ணை அங்கே தெரிவித்துவிட்டால் உள்நாட்டுக் கணக்கிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

திரும்பி வந்து ஒரு வருடம் கழித்துத்தான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், கடிதத்தில் உண்மையான தேதியையே எழுதுங்கள். சீல் எப்படியும் காட்டிவிடும். அந்த நாளிலிருந்து வந்த என்ஆர்இ வட்டியைக் கணக்கிட்டு வரி ரிட்டர்னில் சேர்க்க வேண்டும். ஃபெமாவை மீறினால் தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எனவே தொகை பெரிதாக இருந்தால் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போங்கள்.

மாறியதா என்று பார்ப்பது

புது பாஸ்புக்கையும் எஃப்டி ரசீதையும் கவுண்டரிலேயே வைத்துப் படியுங்கள். திட்டத்தின் பெயரில் என்ஆர்இ என்று இருக்கக்கூடாது. ரசீதில் வட்டி விகிதமும் முதிர்வு தேதியும் பழையபடியே இருக்க வேண்டும். தொடங்கிய தேதி இன்றைய தேதியாக மாறியிருந்தால், பழையதை முடித்துப் புதிதாகப் போட்டிருக்க வாய்ப்புண்டு, அங்கேயே கேளுங்கள். சரிசெய்ய மறுத்தால், முத்திரை வாங்கிய கடித நகலை வைத்து வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் பதிவு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை.