மாமா நீட்டும் பணத்தை மறுக்கும்போது செய்யும் தவறுகள்

செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு இரண்டு லட்சம் தேவை என்று வைத்துக்கொள்வோம். சேதி ஏற்காட்டில் இருக்கும் தாய்மாமன் காதுக்குப் போகிறது. "நான் தர்றேன் மாப்ளே" என்கிறார். மருமகனுக்கோ வாங்க மனமில்லை.

இங்கே பலரும் செய்யும் தவறு, "பார்க்கலாம் மாமா" என்று இழுப்பது. சொல்பவருக்கு அது மறுப்பு. கேட்பவருக்கோ அது சம்மதம், கூச்சத்தில் தயங்குகிறான் என்றுதான் படும். உடனே அவர் பணம் புரட்டக் கிளம்பிவிடுவார். கையில் மூன்று லட்ச ரூபாய் சீட்டு இருந்தால், 60,000 தள்ளி 2,40,000-க்கு ஏலம் எடுத்து வந்து நிற்பார். அதற்குப் பிறகு வேண்டாம் என்றால், அந்தத் தள்ளுபடி அவருக்கு வீண் நஷ்டம். மீதித் தவணையும் அவர் தலையில். அதனால் பதிலை இரண்டு மூன்று நாளுக்குள் சொல்லிவிட வேண்டும்.

போனில் வேண்டாம். கல்யாண மண்டபத்தில், நாலு பேர் நடுவே கூடவே கூடாது. மலையேறிப் போய், அத்தை காபி கொடுத்து உள்ளே போன பிறகு, அவரிடம் மட்டும் சொல்லலாம்: "நீங்க கேட்டதே பெரிசு மாமா. இந்தப் பணத்தை நகை வச்சு நானே புரட்டிக்கிறதா முடிவு பண்ணிட்டேன்." முடிவு ஆகிவிட்டது என்பது பேச்சில் தெரிய வேண்டும். "இப்ப வேண்டாம்" என்றால் அடுத்த மாதம் மறுபடி கேட்பார். "வட்டி கட்டணுமே" என்று காரணம் சொன்னால், "எனக்கெதுக்கு வட்டி?" என்று அந்தக் காரணத்தைத் தீர்த்துவைத்துவிடுவார். பணம் கிடைத்துவிட்டது என்ற பொய்யும் நிற்காது. அடகுக் கடையில் பார்த்த யாராவது சொல்லிவிடுவார்கள். அப்போதுதான் மனுஷனுக்கு உண்மையில் வலிக்கும்.

மனம் நோகக் கூடாதே என்று சிலர், "பணம் வேண்டாம், பேங்குல ஜாமீன் கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார்கள். இது லேசான உதவிபோலத் தோன்றும், ஆனால் பாரம் கூடுதல். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128-இன்படி, வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவு. தவணை தவறினால் வங்கி நேராக மாமாவிடமே கேட்கலாம். மறுத்த பணத்தைவிடப் பெரிய சுமையை அவர்மேல் ஏற்றியதாகிவிடும்.

அவரிடம் கேட்பதற்குப் பணமில்லாத வேலை எத்தனையோ உண்டு. எந்தக் கடையில் வட்டி நியாயம், யாரிடம் வெள்ளி கடனுக்கு வாங்கலாம் என்று கேட்டால், தன்னை ஒதுக்கவில்லை என்று அவருக்கே புரியும்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தாய்மாமன் சீரும் மொய்யும் கடன் அல்ல. காதுகுத்துக்கு அவர் வைக்கும் சீரைத் திருப்பினால், அது பணத்தை மறுப்பதல்ல, உறவையே மறுப்பதாக எடுத்துக்கொள்வார். அதை வாங்கி, மொய் நோட்டில் எழுதி, அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வதே முறை.