தோழிகளின் கல்யாண வாழ்த்து மடல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகூர்த்தத்தன்று காலை மண்டபத்தில் தோழிகள் விநியோகிக்கும் வாழ்த்து மடலை மணமகள் அப்போது படிப்பதில்லை. அவள் மணவறையில் புகைக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள். சிற்றுண்டி முடித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் மாப்பிள்ளையின் அத்தை, பெரியப்பா, ஊர்க்காரர்கள் ஆகியோர்தான் முதலில் படிக்கிறார்கள். பெண்ணைப் பற்றி அவர்கள் அறிந்தது மிகக் கொஞ்சம். இதை மறந்து, விடுதி அறையில் பேசிச் சிரித்த அதே தொனியில் எழுதுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

கேலி எதைப் பற்றியது என்பதில் கவனம் வேண்டும். நிறம், உயரம், உடல் எடை, திருமணம் தள்ளிப்போனது, தேர்வில் தவறியது ஆகியவற்றைத் தொடவே கூடாது. தோழிகளுக்கிடையே அவை பழகிப்போன வேடிக்கையாக இருக்கலாம். புகுந்த வீட்டில் யாரோ ஒருவர் பல ஆண்டுகள் சொல்லிக்காட்ட அந்த ஒரு வரி போதும். இதைவிட ஆபத்தானது பூடகம். “பஸ் நிறுத்த ரகசியத்தை நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம்” என்று எழுதுகிறார்கள். உண்மையில் அங்கே தினமும் வடை வாங்கித் தின்றதுதான் ரகசியமாக இருக்கும். ஆனால் படிப்பவர் மனத்தில் வடையா தோன்றும்? ஒன்றைச் சொல்வதானால் முழுதாகச் சொல்லுங்கள்; இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மாப்பிள்ளைக்கு “ஆழ்ந்த அனுதாபங்கள்”, “ஆயுள் தண்டனை ஆரம்பம்” என்று எழுதும் வழக்கமும் எனக்குப் பிடிப்பதில்லை. மாப்பிள்ளையைச் சீண்டுவதாக நினைத்து, நம் தோழியைத்தான் சிறைக்காவலாளி ஆக்குகிறோம். தேய்ந்துபோன இந்த நகைச்சுவையை மாப்பிள்ளையின் நண்பர்கள் எப்படியும் தங்கள் பேனரில் அச்சடித்திருப்பார்கள். பெண்ணின் தோழிகளும் அதையே சொல்ல வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மணமகள் காலையில் எழவே மாட்டாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வரும் வரி இப்படி இருக்கும்: “எட்டு மணிக்கு முன் எழாத எங்கள் கும்பகர்ணியே, உன் மாமியார் பாவம்!” தோழிகள் சிரிப்பார்கள். மாமியாரோ, மருமகள் வீட்டுக்கு வருமுன்பே புகார் ஒன்றைக் கையில் வாங்கிக்கொள்கிறார். அதே செய்தியை இப்படித் திருப்பலாம்: “ஐந்து அலாரம் அடித்தாலும் அசையாதவள், இன்று யாரும் எழுப்பாமல் மூன்றரை மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இந்த அதிசயத்தைச் செய்துகாட்டிய மாப்பிள்ளைக்கு எங்கள் நன்றி!” தூக்கம் பற்றிய கேலி அப்படியே இருக்கிறது. ஆனால் அவளுடைய ஆசையைப் பார்த்து மாப்பிள்ளை வீடும் சேர்ந்து சிரிக்கிறது.

கேலி நன்றாக அமைந்த மடல்கள்கூட வாழ்த்தில் சறுக்குகின்றன. பத்து வரி கலகலப்புக்குப் பிறகு, “பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க” என்ற ஆயத்த வரியை ஒட்டி முடித்துவிடுகிறார்கள். அது நல்ல வாழ்த்துதான். பெரியவர்கள் அட்சதை தூவும்போது அதைச் சொல்லியும்விடுவார்கள். தோழிகள் சொல்ல வேண்டியது வேறு. அகநானூற்றின் 86ஆம் பாடலில், விடியற்காலைத் திருமணத்தில் மகனைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். உன்னை மனைவியாகப் பெற்றவன் விரும்பிப் பேணும் துணையாக ஆகுக என்பதே அந்த வாழ்த்தின் சாரம். பெரிய அடுக்குகள் இல்லை. அந்தப் பெண்ணுக்கு அன்று வேண்டிய ஒன்றையே சொல்கிறார்கள். உங்கள் தோழிக்கு வேண்டியது எது? இரவெல்லாம் பேசித் தூங்காமல், காலையில் எழ மறுத்தவளிடம் இப்படிச் சொல்லலாம்: “எங்கள் அறையில் நள்ளிரவு தாண்டியும் ஓயாத உன் பேச்சை, உன் வீட்டில் ஆசையோடு கேட்க எப்போதும் ஒருவர் இருக்கட்டும்.” மேலே செய்த கேலியிலிருந்தே வாழ்த்து முளைப்பதால் அதில் பொய் தட்டாது.

மடலை ஒலிபெருக்கியில் வாசிக்க விரும்பினால் தாலி கட்டும் முன் வேண்டாம். மந்திரமும் நாதஸ்வரமும் நடுவே நிற்க முடியாது. கெட்டிமேளம் எழுந்தால் உங்கள் குரல் யாருக்கும் கேட்காது. தாலி கட்டி, அம்மி மிதித்து, சடங்குகள் முடிந்து, பரிசு தர வரிசை தொடங்குமுன் கிடைக்கும் இடைவெளி வசதியானது. மேளக்காரர்களிடமும் பெண்ணின் தாய்மாமனிடமும் முன்பே சொல்லி வையுங்கள். இரண்டு நிமிடத்துக்குமேல் நீட்ட வேண்டாம்.

அச்சுக்குக் கொடுக்குமுன் மணமக்களின் பெயர், தலைப்பெழுத்து, பட்டம் ஆகியவற்றை அழைப்பிதழோடு ஒப்பிடுங்கள். தோழிகளின் பெயர்களை அகர வரிசையில் போட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. பிறகு மணமகளின் அக்காவிடமோ அண்ணியிடமோ ஒருமுறை படிக்கக் கொடுங்கள். அவர் புருவம் சுருங்கும் வரியை, எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், அடித்துவிடுங்கள்.