கஸ்டமர் சப்போர்ட் ரெஸ்யூமே: மொழி வரியைக் கடைசியாகப் படியுங்கள்

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் தமிழ் வாய்ஸ் ப்ராசஸுக்கு ஆள் எடுக்கிறீர்கள். வரும் ரெஸ்யூமேக்களில் பாதிக்குமேல் அடியில் ‘தமிழ், கன்னடம், ஹிந்தி, ஆங்கிலம்’ என்றிருக்கும். இந்த ஊரில் அது ஆச்சரியமில்லை. ஆனால் ஆட்டோக்காரரிடம் பேசும் கன்னடம் வேறு, பில்லில் ஏன் கூடுதல் பணம் என்று கொதிப்பவரிடம் பேசும் கன்னடம் வேறு.

முதலில் வேலை அனுபவத்தைப் பாருங்கள். எந்த மொழியில், எதன் வழியாக வாடிக்கையாளரிடம் பேசினார்? ‘கஸ்டமர் சப்போர்ட் அசோசியேட்’ என்ற பதவிப்பெயர் இதைச் சொல்லாது. ஆள் எடுக்கும் வேலைக்குப் புதியவர்கள் தடுமாறும் இடமும் இதுதான்.

ஒரு கற்பனை ரெஸ்யூமே: ஓசூர் முகவரி. இப்போதைய வேலையில் 14 மாதம், ‘ஒரே நேரத்தில் மூன்று வாடிக்கையாளர்கள்’. மூன்று பேரோடு ஒரே சமயத்தில் போனில் பேச முடியாது, ஆக இது சாட். அதற்கு முன் 8 மாதம் டெலிகாம் இன்பவுண்ட், தமிழ், நாளுக்கு 80 கால், சராசரி கால் நேரம் 4 நிமிடம். பெருக்கினால் 320 நிமிடம், அதாவது 5 மணி 20 நிமிடம். ஒன்பது மணி நேர ஷிஃப்டில் நம்பக்கூடிய கணக்கு. 150 கால், 6 நிமிடம் என்று எழுதியிருந்தால் 15 மணி நேரமாகிறது, அதைக் கேட்டே ஆக வேண்டும். இவர் தமிழ் வாய்ஸுக்குச் சரி. ஹிந்திக்கு ரெஸ்யூமேயில் ஆதாரம் இல்லை.

அடுத்து ஷிஃப்ட். ‘எந்த ஷிஃப்டும் ஓகே’ என்பதை நான் படிப்பதே இல்லை, முன்பு வேலை பார்த்த ஷிஃப்ட் நேரத்தைத்தான் தேடுவேன். தமிழ் ப்ராசஸ் பெரும்பாலும் பகலில் முடிந்துவிடும். யுகே ப்ராசஸில் அங்கே காலை 9 முதல் மாலை 6 என்றால் நமக்குக் கோடையில் பகல் 1:30 முதல் இரவு 10:30, குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். படிப்புப் பகுதியில் ‘மாலைக் கல்லூரி, தொடர்கிறது’ என்றிருந்தால் யுகே ஷிஃப்ட் இடிக்கும், ஆனால் காலை ஷிஃப்ட் பொருந்தலாம். ஓசூர் என்பதால், மாநில எல்லை தாண்டி கேப் போகுமா என்று டிரான்ஸ்போர்ட் டெஸ்கில் முன்பே கேட்டுவிடுங்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டு இரவு ஷிஃப்டை முடிவு செய்யும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. நேரத்தைச் சொல்லி, முடியுமா என்று கேட்டால் போதும்.

குரல் காகிதத்தில் தெரியாது. வழவழப்பான ஆங்கில ரெஸ்யூமே வேறொருவர் எழுதியதாகவும் இருக்கலாம். ஐந்து நிமிடம் போன் செய்யுங்கள். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ வேண்டாம், அது மனப்பாடம். “ரீஃபண்ட் இன்னும் வரலைங்க, ஏன்?” என்று நீங்களே வாடிக்கையாளராகக் கேளுங்கள். நடுவில் குறுக்கிடுங்கள். சொன்னதையே சத்தமாகத் திரும்பச் சொல்கிறாரா, நிறுத்திக் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

பின்னர் சேர்த்தது: ஃப்ரெஷருக்கு அனுபவப் பகுதியே இல்லையே என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு இந்த போன் அழைப்பையே முதல் படியாக வையுங்கள்.