டொலரின் புன்னகையைத் தவறாக வாசிக்காதிருக்க

2020 மார்ச்சில், ஊரடங்குக்குச் சில நாள்களுக்கு முன்னர், இலண்டனிலிருந்து மகள் கொடுத்தனுப்பிய பணத்தை மாற்றக் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக்கு வந்திருந்த பெரியப்பா, விலைப் பலகையைப் பார்த்து, "டொலர் ஏறிக் கிடக்குது, பவுண்ஸ் ஏன் தம்பி இறங்கினது?" என்று கேட்டார். வெளிநாட்டுப் பணம் எல்லாம் ஒன்றாகவே ஏறும் என்று அவர் நம்பியிருந்தார்.

பொருளியலாளர் ஸ்டீபன் ஜென் முன்வைத்த 'டொலர் புன்னகை' இதற்கு விடை தருகிறது. புன்னகைக்கும் வாயின் இரு ஓரங்களும் மேலெழுவதுபோல, உலகம் பீதியடையும்போது இடது ஓரத்திலும், அமெரிக்கா ஏனைய நாடுகளை முந்தி வளரும்போது வலது ஓரத்திலும் டொலர் ஏறுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் இறங்குகிறது.

நாணயம் வலுத்தால் அந்த நாடு நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதே முதன்மையான தவறு. அந்த மார்ச்சில் அமெரிக்காவும் முடங்கிக்கொண்டிருந்தது. அதன் மத்திய வங்கி வட்டி வீதத்தைப் பூச்சியத்துக்கு அருகே இறக்கியிருந்தது. ஆனாலும், உலகெங்கும் வங்கிகளும் நிறுவனங்களும் டொலரில் கடன் வாங்கியிருந்தன. கடன் கொடுத்தவர்கள் தவணையைப் புதுப்பிக்க மறுத்ததும், கையில் இருந்ததை விற்றாவது டொலர் தேடவேண்டியதாயிற்று. மார்ச் 9இல் ஏறக்குறைய 1.31 டொலராக இருந்த ஸ்டேர்லிங் பவுண், பத்தே நாள்களில் 1.15 அளவுக்கு விழுந்தது. டொலருக்கு எதிராக ரூபாவும் சற்று இறங்கியிருந்தது. ஆயினும் பவுணின் வீழ்ச்சி அதைவிடப் பெரிது என்பதால், பெரியப்பாவின் கைக்கு வந்த ரூபா குறைந்தது. பீதியில் ஏறும் என்று நாம் நம்பும் தங்கமும் அந்நாள்களில் அவுன்ஸ் 1,680 டொலரிலிருந்து 1,470 அளவுக்கு இறங்கியது. அமெரிக்க மத்திய வங்கி, பிற நாடுகளின் மத்திய வங்கிகளுக்கு நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டின் மூலம் டொலர் வழங்கத் தொடங்கிய பின்னரே நெருக்கடி தணிந்தது.

வலது ஓரத்தை 'உலக வளர்ச்சி' என்று வாசிப்பதும் பிழை. 2017இல் அமெரிக்காவும் வளர்ந்தது. ஆனால் ஐரோப்பா எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்ததால் பணம் அங்கே நகர்ந்து, டொலர் இறங்கியது. எனவே பார்க்கவேண்டியது வேறுபாட்டையே.

எங்கள் ரூபாவைக் கொண்டு இந்தப் புன்னகையை அளப்பவர்களும் உள்ளனர். 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களிலேயே 360 ஆனதற்கு முதற்காரணம், எங்கள் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றியமை. டொலரின் பொதுவான போக்கை அறிய யூரோ, யென், பவுண் ஆகியவற்றோடு அதை ஒப்பிட வேண்டும்.

இடது ஓரம் எப்போதும் மேலெழும் என்பதற்கும் உறுதியில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இறக்குமதித் தீர்வைகளை அறிவித்தபோது பங்குச் சந்தைகள் சரிந்தன; டொலரும் சரிந்தது. பீதியின் ஊற்று அமெரிக்காவின் கொள்கையாகவே இருந்ததால், முதலீட்டாளர்கள் அங்கே அடைக்கலம் தேடத் தயங்கினர். அதற்கு அடையாளம் அமெரிக்க அரசின் பத்தாண்டுக் கடன்முறிகளில் தெரிந்தது: ஒரு வாரத்தில் அவற்றின் வருவாய் வீதம் 4 சதவீதத்திலிருந்து 4.5 சதவீதத்தை நெருங்கியது. முறிகள் விற்கப்பட்டு விலை இறங்கும்போதே அவற்றின் வருவாய் வீதம் ஏறும். அதாவது, டொலரை விற்றவர்கள் முறிகளையும் விற்றுக்கொண்டிருந்தார்கள்.