சுருக்க அறிக்கையில் உள்ள என்.பி.எஸ். மதிப்பெண்ணையும் லிக்கர்ட் சராசரியையும் சரிபார்ப்பது எப்படி?

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் அண்ணன் ஒருவர் போன மாதம் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். வாடிக்கையாளர் கருத்துப் படிவங்களைத் தொகுக்க வெளியாள் ஒருவரை வைத்திருந்தார். அவர் கொடுத்த ஒரு பக்கச் சுருக்கம் அது. பிரிக்பீல்ட்ஸ் கடையில் 80 பேர், பினாங்கு லிட்டில் இந்தியா கிளையில் 20 பேர் படிவம் நிரப்பியிருந்தார்கள்.

"தம்பி, டெலிவரிக்கு அஞ்சுக்கு 2.80தான் வந்திருக்கு. அந்தப் பையனை மாத்திடலாமான்னு பார்க்கிறேன்."

ஒருவருடைய வேலை அந்த எண்ணில் தொங்கியதால், தாளை முழுவதும் சரிபார்க்க உட்கார்ந்தோம். அன்று செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன். உங்களிடம் மூலப் படிவங்கள் இல்லாமல் சுருக்கம் மட்டும் இருந்தாலும் முதல் இரண்டு படிகளைச் செய்யலாம். கால்குலேட்டர் போதும்.

படி 1: சராசரியை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள்

'மிகவும் மோசம்' என்பதற்கு 1, 'மிகவும் நன்று' என்பதற்கு 5 என்று ஐந்து படிகளில் கேட்கும் கேள்வியை லிக்கர்ட் வகை என்பார்கள். ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் முன்வைத்த முறை. இதில் எல்லாரும் முழு எண்தான் போடுவார்கள். அதனால் மொத்தக் கூட்டுத்தொகையும் முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். அறிக்கையைச் சோதிக்க இதுவே பிடி.

பினாங்கு கிளையில் 'பணியாளர் மரியாதை' 4.13 என்று இருந்தது. 20 பேர். 20 × 4.13 = 82.6. முழு எண் வரவில்லை. ஆனால் உடனே தவறு என்று சொல்லிவிடாதீர்கள், அறிக்கையில் தசமத்தைச் சுருக்கி எழுதியிருப்பார்கள். பக்கத்தில் இருக்கும் முழு எண்களை எடுத்துத் திரும்ப வகுத்துப் பாருங்கள்: 82 ÷ 20 = 4.10, 83 ÷ 20 = 4.15. இடையில் எதுவும் கிடையாது. ஆக, 20 பேர் பதில் சொன்ன ஒரு கேள்விக்கு 4.13 வரவே வராது.

மூலத் தாளைக் கேட்டு வாங்கியதும் காரணம் தெரிந்தது. நான்கு பேர் அந்தக் கேள்வியை வெறுமையாக விட்டிருந்தார்கள். 16 பேரின் கூட்டுத்தொகை 66; 66 ÷ 16 = 4.125, அதைச் சுருக்கினால் 4.13. சராசரி சரி, பக்கத்தில் எழுதிய ஆள் எண்ணிக்கைதான் தவறு.

உளவியல் ஆய்வுக் கட்டுரைகளைச் சோதிப்பதற்காக நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹெதர்ஸும் 2016இல் இதே கணக்கை வெளியிட்டார்கள். 'கிரிம்' சோதனை என்று பெயர். இரண்டு தசம இடங்கள் கொடுத்திருந்தால் 100 பேருக்குக் கீழேதான் இது உதவும். அதற்கு மேல் போனால் எந்தச் சராசரியும் பொருந்திவிடும்.

படி 2: என்.பி.எஸ்.ஸையும் அப்படியே சோதியுங்கள்

'எங்களை நண்பரிடம் பரிந்துரைப்பீர்களா?' என்று 0 முதல் 10 வரை கேட்பது நெட் புரமோட்டர் ஸ்கோர், சுருக்கமாக என்.பி.எஸ். ஃபிரெட் ரைக்ஹெல்ட் 2003இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் அறிமுகம் செய்தது. 9, 10 போட்டவர் ஆதரவாளர். 7, 8 போட்டவர் நடுநிலை. 0 முதல் 6 வரை போட்டவர் அதிருப்தியாளர். ஆதரவாளர் விழுக்காட்டிலிருந்து அதிருப்தியாளர் விழுக்காட்டைக் கழித்தால் மதிப்பெண். −100 முதல் +100 வரை வரலாம். இது விழுக்காடு அல்ல, அதனால் பின்னால் % போட வேண்டாம்.

ஆதரவாளருக்கு +1, நடுநிலைக்கு 0, அதிருப்தியாளருக்கு −1 என்று வைத்தால் இதுவும் ஒரு சராசரிதான். 100ஆல் பெருக்கியிருக்கிறார்கள், அவ்வளவே. எனவே அதே சோதனை செல்லும். பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு 47 என்று போட்டிருந்தார்கள். 80 × 47 ÷ 100 = 37.6. பக்கத்து எண்கள்: 37 என்றால் 46.25, அதாவது 46. 38 என்றால் 47.5, அதாவது 48. 80 பேரிடமிருந்து 47 வர வழியில்லை.

மூலத் தாளில் எண்ணினோம். ஆதரவாளர் 44, நடுநிலை 20, அதிருப்தியாளர் 16. முறையாகக் கணக்கிட்டால் 55 − 20 = 35. தொகுத்தவர் நடுநிலையாளர்களைத் தூக்கிவிட்டு 60 பேரால் வகுத்திருந்தார்: (44 − 16) ÷ 60 = 46.7. புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. நடுநிலையாளர் கழித்தலில் வருவதில்லை, ஆனால் வகுக்கும் எண்ணில் கட்டாயம் இருக்க வேண்டும்.

எக்செல் போன்ற விரிதாளில் மதிப்பெண்கள் B நெடுவரிசையில் இருந்தால்:

```
=100*(COUNTIF(B2:B81,">=9")-COUNTIF(B2:B81,"<=6"))/COUNT(B2:B81)
```

போடும் முன் `=COUNT(B2:B81)` 80 காட்டுகிறதா என்று பாருங்கள். 78 காட்டினால் இரண்டு கட்டங்கள் காலி, அல்லது எண்ணுக்குப் பதில் எழுத்தாகப் பதிந்திருக்கின்றன. எழுத்தாகப் பதிந்த 10, கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

படி 3: முழு எண் வந்தாலும் நம்பிவிடாதீர்கள்

இப்போது டெலிவரிக்கு வருவோம். 80 × 2.80 = 224. முழு எண், சோதனையில் தேறிவிட்டது. அண்ணனின் முகம் வாடியது. ஆனால் ஒரு சராசரி சாத்தியம் என்பதைத்தான் இந்தச் சோதனை சொல்லும், சரி என்று சொல்லாது. இங்கே ஒவ்வொரு எண்ணையும் எத்தனை பேர் போட்டார்கள் என்று எண்ணியே ஆக வேண்டும்:

```
5 → 22
4 → 20
3 → 8
2 → 4
1 → 2
0 → 24
```

ஒன்று முதல் ஐந்து வரை கேட்ட கேள்வியில் 0 எப்படி வந்தது? படிவத்தில் `Tidak berkenaan` என்று ஆறாவதாக ஒரு கட்டம் இருந்தது. கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்ட 24 பேர், டெலிவரி தங்களுக்குப் பொருந்தாது என்று அதைத் தொட்டிருக்கிறார்கள். தாளில் ஏற்றும்போது அது 0 ஆகப் பதிந்துவிட்டது. `AVERAGE` காலிக் கட்டத்தை விட்டுவிடும், 0ஐ விடாது. அந்த 24 பேரை நீக்கினால் 224 ÷ 56 = 4.00.

```
=AVERAGEIF(C2:C81,">=1")
```

56 பேரில் 42 பேர் 4 அல்லது 5 போட்டிருக்கிறார்கள். 2, 1 போட்ட ஆறு பேரின் குறிப்புகளை மட்டும் தனியாக எடுத்து வாசித்தோம். பையனை மாற்றும் பேச்சை அண்ணன் அத்தோடு விட்டுவிட்டார்.

படி 4: இரண்டு கிளைகளைச் சேர்ப்பது

பினாங்கில் ஆதரவாளர் 8, அதிருப்தியாளர் 7, மதிப்பெண் 5. இது சரியாகவே இருந்தது. ஆனால் 'மொத்தம் 26' என்று எழுதியிருந்தார்கள். 47ஐயும் 5ஐயும் கூட்டி இரண்டால் வகுத்த எண். திருத்திய 35ஐப் போட்டால்கூட இந்த வழியில் 20தான் வரும். 80 பேரையும் 20 பேரையும் சம எடையில் வைக்கக் கூடாது. தலைகளைச் சேர்த்து எண்ணுங்கள்: ஆதரவாளர் 52, அதிருப்தியாளர் 23, மொத்தம் 100 பேர். 29.

பினாங்கின் 5ஐப் பார்த்து அண்ணன் கவலைப்பட்டார். 20 பேர் மட்டும் என்பதால், அங்கே ஒரே ஒருவர் 6க்குப் பதில் 9 போட்டிருந்தால் அந்த 5 அப்படியே 15 ஆகியிருக்கும். இன்னும் ஒரு மாதம் படிவம் வாங்கிய பிறகு அந்தக் கிளையைப் பற்றிப் பேசலாம் என்று தள்ளி வைத்திருக்கிறோம்.