கடைசி ஒரு மணி நேரம்: மூடலாமா என்று கணக்குப் போடும்போது நடக்கும் தவறுகள்

புதிதாகக் கடை நடத்துபவர்கள் கடைசி மணி நேர பில்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "ஆள் கூலி போக இவ்வளவு மிஞ்சுதே, எதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே மூடணும்?" என்று கேட்பது வழக்கம். கடை நடத்திப் பழகியவர்களும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டவர்கள்தான்.

விற்பனையை கூலியோடு நேராக ஒப்பிடுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்ப வரும் தவறு இது. இரவு 9 முதல் 10 வரை விற்பனை 1,800 என்று வையுங்கள். மூன்று பேர் வேலையில் இருக்கிறார்கள், ஒருவருக்கு மணிக்கு 200, ஆக 600. 1,800 எங்கே, 600 எங்கே என்று தோன்றும். ஆனால் அந்த 1,800-இல் பெரும்பகுதி சரக்குக்கான காசு. சரக்கு விலை போக 30 சதவீதம் நிற்கிறது என்றால், கையில் இருப்பது 540 மட்டுமே. கூலிக்கே 60 குறைகிறது.

இதைப் பார்த்த கையோடு மூடிவிடுவதும் அவசரம்தான். கேட்க வேண்டியது இரண்டு: மூடினால் எவ்வளவு உண்மையில் மிச்சமாகும்? எவ்வளவு உண்மையில் போகும்?

மிச்சத்தை முதலில் பாருங்கள். கல்லா எண்ணுவது, கூட்டித் துடைப்பது, அலமாரியை நிரப்புவது எல்லாம் இப்போது ஆள் அதிகம் வராத அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே முடிகிறது. 9 மணிக்கு ஷட்டர் இறங்கினாலும் அந்த வேலை போகாது, ஒருவர் 10 வரை இருந்தே ஆக வேண்டும். அப்படியானால் மிச்சம் இருவரின் கூலி 400. மின்சாரம் 50 சேர்த்தால் 450.

போவதும் முழு 540 இல்லை. தெரிந்த வாடிக்கையாளர்களில் ஒரு பங்கினர் நேரம் மாறியது தெரிந்ததும் முன்னதாகவே வந்துவிடுவார்கள். மூன்றில் ஒரு பங்கு விற்பனை அப்படி நகர்ந்தால் இழப்பு 360. 450-க்கு எதிரே 360, ஆக நாளுக்கு 90 லாபம். இந்த மூன்றில் ஒரு பங்கு வெறும் அனுமானம். யாருமே முன்னதாக வராவிட்டால் இழப்பு 540-ஆகி, நாளுக்கு 90 கையைக் கடிக்கும். அதனால் நான்கு வாரம் மூடிப் பார்த்து, 9 மணிக்கு முந்தைய இரண்டு மணி நேர விற்பனை ஏறுகிறதா என்று பழைய நான்கு வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

மாதச் சம்பளக்காரரை மணிக்கணக்கில் சேர்ப்பது

நேரம் குறைந்தாலும் சம்பளம் குறையாதவருக்கு மிச்சம் பூஜ்யம்.

வாரம் முழுக்கச் சராசரி எடுப்பது

செவ்வாயின் வெறுமையைச் சனிக்கிழமைக் கூட்டம் மறைத்துவிடும். கிழமை வாரியாகப் பிரித்தால், மூன்று நாள் மட்டும் முன்னதாக மூடினால் போதும் என்றுகூடத் தெரியலாம். அப்படியென்றால் கதவில் நேரத்தைத் தெளிவாக எழுதி ஒட்டுங்கள். ஒருமுறை பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் மற்ற நாளும் வரத் தயங்குவார்.

பில் நேரத்தை வந்த நேரமாக எண்ணுவது

9:05-க்கு பில் போட்டவர் 8:50-க்கே உள்ளே வந்தவர். 9-க்குக் கதவை மூடினாலும் அவர் விற்பனை போகாது. முதல் பத்து நிமிட பில்களைக் கழித்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.